3,860 ரூபாய்க்கு 82 நாட்கள்: குற்றவாளி கிளார்க் அல்ல

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பிரயாணக் கொடுப்பனவு பற்றிப் பேச்சு எழுந்தால் அது முடிகிற இடம் ஒன்றுதான். "வலயத்தில இருக்கிற அந்தக் கிளார்க் மிஸ் வேணுமென்டே இழுத்தடிக்கிறா." நாமும் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறோம். தேநீர்க் கோப்பையோடு சொன்னோம், வட்ஸ்அப் குழுவில் சொன்னோம், புதிதாக வந்த ஆசிரியர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கத்தான் இந்தப் பதிவு. வாசித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கோபப்படுங்கள். ஆனால் முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நடந்தது இதுதான். எங்களில் ஒருவர் இரண்டு நாள் பயிற்சிக்காக வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார். பஸ், சாப்பாடு, போட்டோ கொப்பி எல்லாமாகச் சொந்தப் பணத்தில் செலவழித்தது 3,860 ரூபாய். வந்ததும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். இடையில் ஒரு தடவை அது திரும்பி வந்தது. பணம் வங்கிக்கு வந்தது 82ஆவது நாள்.

திரும்பி வந்த அந்தப் படிவத்தை நாம் சும்மா திருத்தி அனுப்பியிருந்தால் இந்தப் பதிவு இல்லை. அன்றைக்கு ஏதோ ஒரு எண்ணத்தில் அதைப் புரட்டிப் பார்த்தோம். பின்பக்கம் முழுக்க முத்திரைகள். ஒவ்வொரு முத்திரையிலும் ஒரு திகதி. எந்த மேசைக்கு எப்போது போனது, எப்போது வெளிக்கிட்டது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. இரண்டாம் முறை போனதன் திகதிகளைப் பணம் வந்த பிறகு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டோம். கிடைத்தது இதுதான்:

1ஆம் நாள், திங்கள்: பாடசாலை அலுவலகத்தில் ஒப்படைப்பு.
4ஆம் நாள், வியாழன் பின்னேரம்: அதிபர் ஒப்பம்.
11ஆம் நாள், வியாழன்: கோட்டக் கல்விப் பணிமனை முத்திரை.
18ஆம் நாள், வியாழன்: வலயப் பணிமனையில் தபால் பதிவு.
36ஆம் நாள், திங்கள்: கிளார்க் பரிசீலனை. குறை கண்டு திருப்பி அனுப்பினார்.
46ஆம் நாள், வியாழன்: கோட்டம் வழியாக ஆசிரியரின் கைக்கு.
50ஆம் நாள், திங்கள்: திருத்தி மீண்டும் ஒப்படைப்பு. அதிபர் ஒப்பமும் அன்றே.
53ஆம் நாள், வியாழன்: கோட்டம்.
60ஆம் நாள், வியாழன்: வலயம்.
67ஆம் நாள், வியாழன்: பரிசீலனை. சரி.
74ஆம் நாள், வியாழன்: இரண்டாவது பரிசீலனையும் கணக்காளர் ஒப்பமும்.
82ஆம் நாள், வெள்ளி: வங்கியில் பணம்.

பிறகு இந்த 82 நாளில் அந்தப் படிவத்தில் யாராவது உண்மையாக வேலை செய்த நேரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தோம். அவரவரிடமே கேட்டோம். ஆசிரியர் எழுதியது 25 நிமிடம், திருத்தியது 10. அதிபருக்கு இரண்டு தடவையும் சேர்த்து 4. கோட்டத்தில் 10. வலயத் தபால் பதிவில் 6. கிளார்க் இரண்டு தடவை பரிசீலித்தது 20, திருப்பி அனுப்பும் கடிதம் எழுதியது 8. இரண்டாவது பரிசீலனை 8. கணக்காளர் 3. வவுச்சர் பதிந்து பணம் அனுப்ப 12. கூட்டினால் 106 நிமிடம்.

அதாவது ஒரு மணியும் 46 நிமிடமும். விடுமுறைகளைக் கழித்தால் 82 நாளில் ஏறக்குறைய 55 வேலை நாள் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 440 மணித்தியாலம். அதில் வேலை நடந்தது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் அந்தத் தாள் ஏதோ ஒரு தட்டில் சும்மா கிடந்த நேரம்.

இப்போது சொல்லுங்கள். அந்த கிளார்க் மிஸ் இரட்டை வேகத்தில் வேலை செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அவருடைய 28 நிமிடத்தில் 14 நிமிடம். 82 நாள் அப்படியேதான் இருந்திருக்கும்.

இந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் டொயோட்டாவில் பொறியியலாளராக இருந்த தாயிச்சி ஓனோ. தொழிற்சாலையில் ஏழு வகை வீண்கள் இருப்பதாக அவர் வகுத்தார். வீணுக்கு ஜப்பானிய மொழியில் 'முடா' என்று பெயர். எட்டாவதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். லீன் முறை என்று இன்றைக்குப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித் தருவது இந்த எட்டையும்தான். நம்மில் பலர் அந்தப் பட்டறைகளுக்குப் போய் எட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். பெயரைப் பாடமாக்கியதோடு சரி. நம் கையிலிருந்த படிவத்தில் அவற்றைத் தேடிப் பார்க்கவில்லை. இப்போது தேடுவோம்.

முதலாவது, காத்திருப்பு. இதைக் காண்பது சுலபம். இரண்டு முத்திரைகளின் திகதிகளைக் கழித்தால் போதும். ஆனால் அதோடு நிறுத்தினால் பயனில்லை. எதற்காகக் காத்திருந்தது என்று கேட்க வேண்டும். 4ஆம் நாளிலிருந்து 11ஆம் நாள் வரை ஏன்? எங்கள் பாடசாலையிலிருந்து கோட்டத்துக்குத் தபால் கட்டு வியாழன் காலையில் மட்டும்தான் போகும். அதிபர் ஒப்பமிட்டது வியாழன் பின்னேரம். கட்டு போய்ச் சில மணித்தியாலம். அந்தச் சில மணித்தியாலத்துக்கு விலை ஒரு கிழமை. கோட்டத்திலிருந்து வலயத்துக்கும் வியாழன் கட்டுத்தான். அங்கே இன்னொரு கிழமை.

இரண்டாவது, இடம்பெயர்த்தல். மூன்றாவது, அசைவு. பட்டறைகளில் எல்லோரும் குழம்புவது இந்த இரண்டிலும்தான். தாள் நடந்தால் இடம்பெயர்த்தல், மனிதர் நடந்தால் அசைவு. பாடசாலை, கோட்டம், வலயம், மறுபடி கோட்டம், பாடசாலை, கோட்டம், வலயம் என்று நம் படிவம் அலைந்தது இடம்பெயர்த்தல். கிளார்க் மிஸ் ஒவ்வொரு பரிசீலனைக்கும் எழுந்து போய், அடுத்த அறை அலுமாரியிலிருந்து கட்டண வீதச் சுற்றறிக்கைக் கோவையை எடுத்து வருவது அசைவு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முன்னையதற்குப் பாதையைக் குறுக்க வேண்டும். பின்னையதற்குச் சுற்றறிக்கையின் ஒரு பிரதியை மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்தால் போதும்.

நாலாவது, இருப்புத் தேக்கம். கிளார்க்கின் தட்டில் அடுக்கிக் கிடக்கும் கோரிக்கைகள். "இதுவும் காத்திருப்பும் ஒன்றுதானே?" என்று கேட்பீர்கள். ஒரே விடயத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் படிவத்தின் பக்கமிருந்து பார்த்தால் காத்திருப்பு. அந்த மேசையின் பக்கமிருந்து பார்த்தால் தேக்கம். தேக்கம் தனியாக ஒரு கேடும் செய்யும். 140 படிவம் அடுக்கியிருந்தால் அதில் ஒன்றைத் தேடி எடுக்கவே நேரம் போகும். "என்ட படிவம் வந்திட்டா?" என்று நாம் எடுக்கும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் அந்த அடுக்கைக் கிளறச் சொல்லும் அழைப்பு.

இதில் நம் பங்கும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். நம்மில் எத்தனை பேர் மூன்று மாதத்துப் பற்றுச்சீட்டுகளை மேசை லாச்சியில் போட்டு வைத்து, தவணை முடிவில் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்? அதுவும் தேக்கம்தான். நம் லாச்சியில் தொடங்கிய தேக்கம்.

ஐந்தாவது, மிகை உற்பத்தி. ஆறாவது, மிகைச் செயற்பாடு. தேவைக்கு மேலாக அல்லது தேவைக்கு முன்னதாக ஒன்றைச் செய்து வைப்பது முன்னையது. செய்ய வேண்டிய ஒன்றின் மேலேயே தேவையில்லாத வேலையை ஏற்றுவது பின்னையது. நாம் படிவத்தை மூன்று பிரதியாக எழுதுகிறோம். கோட்டத்தில் தங்கும் பிரதியைப் பிறகு யார் பார்க்கிறார்கள் என்று அங்கேயே கேட்டோம். ஒருவரும் இல்லை. பெட்டியில் போட்டுக் கட்டி வைக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றைச் செய்தோம். அது மிகை உற்பத்தி. கிளார்க் ஒவ்வொரு ரூபாயாகச் சரிபார்த்துக் கூட்டிய அதே படிவத்தை, இன்னொருவர் அதே முறையில் மறுபடி கூட்டுகிறார். அது மிகைச் செயற்பாடு.

ஓனோ மிகை உற்பத்தியைத்தான் வீண்களிலேயே மோசமானது என்றார். மற்ற வீண்களைப் பெற்றெடுப்பது அதுதான் என்பது அவருடைய காரணம். அடுத்த மேசைக்குத் தேவையானதற்கு மேல் செய்தால் அது தேங்கும், தேங்கினால் காத்திருக்கும், காத்திருந்தால் தேட வேண்டி வரும். தொழிற்சாலைக்கு அது சரியாகப் பொருந்தும். நம் படிவத்தில் அந்தத் தாய்மை வேறு இரண்டுக்குச் சேர்ந்து இருந்தது. அதற்குத்தான் வருகிறோம்.

ஏழாவது, குறைபாடு. நம் படிவம் திரும்பி வந்தது ஏன் தெரியுமா? பயிற்சிக்கு அழைத்த கடிதத்தின் பிரதி இணைக்கப்படவில்லை. ஒரு தாள். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்து எடுக்கக்கூடிய போட்டோ கொப்பி. படிவத்தில் எங்காவது "அழைப்புக் கடிதத்தின் பிரதியை இணைக்கவும்" என்று இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடினோம். இல்லை.

அந்த ஒரு தாளின் விலையைப் பாருங்கள். முதல் பரிசீலனை 36ஆம் நாள். சரி என்று ஒப்புக்கொண்ட பரிசீலனை 67ஆம் நாள். இடையில் 31 நாள். ஏன் சரியாக ஒரு மாதம்? கிளார்க் கோரிக்கைகளை மாதத்தில் ஒரு தடவைதான் பார்க்கிறார், 20ஆம் திகதிக்குப் பிறகு, மொத்தமாக. இந்த மாதத்துப் பார்வையில் தவறியது அடுத்த மாதத்துப் பார்வைக்குத்தான் போகும். திருத்தித் திரும்ப அனுப்பிய நம் படிவம் 60ஆம் நாளே வலயத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு கிழமை தட்டில் கிடந்தது, 20ஆம் திகதி கடக்கும்வரை.

நாம் சொல்ல வருவதன் நடுப்புள்ளி இதுதான். எட்டு வீண்களையும் எட்டுப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சரி அடையாளம் போட்டால் ஒன்றும் விளங்காது. அவை ஒன்றையொன்று தின்னக் கொடுத்து வளர்க்கின்றன. தாள் விடுபட்டது தனியாக ஒரு சின்னப் பிழை. மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பார்ப்பது தனியாக ஒரு சின்ன அசௌகரியம். இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு மாதம் விழுங்கப்பட்டது. தினமும் பார்க்கிற மேசையாக இருந்தால் அதே பிழைக்கு 24 நாள்தான் விலை. பிழையில்லாத படிவமாக இருந்தால் மாதாந்தப் பார்வையிலும் 51ஆம் நாள் பணம் வந்திருக்கும்.

"அப்ப அவங்க ஏன் தினமும் பார்க்கிறல்ல? சோம்பல்தானே?" என்ற கேள்வி உங்கள் வாயில் நிற்பது நமக்குத் தெரியும். அதைத்தான் நாமும் போய்க் கேட்டோம். கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டோம்.

கிளார்க் மிஸ் முதலில் பேசவில்லை. முறைப்பாடு கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். முத்திரைத் திகதிகளை எழுதிய தாளைக் காட்டியதும் அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார். மாதா மாதம் எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனையைத் திருப்பினார், என்ன காரணம் என்று கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. "நாளைக்கு யாரும் வந்து நான் வேல செய்யல்லண்டு சொன்னா காட்டுறதுக்கு, சேர்" என்றார்.

அவர் காட்டிய மாதத்தில் வந்தவை 140. திருப்பியவை 52. அதில் அழைப்புக் கடிதம் இல்லாதவை 31. மொத்தத் தொகையை எழுத்தில் எழுதாதவை 12. மற்றக் காரணங்கள் 9.

கணக்கை நாமே போட்டோம். திருப்பும் ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுத 8 நிமிடம், மறுபடி வந்ததைப் பார்க்க 10 நிமிடம். 18 நிமிடத்தை 52ஆல் பெருக்கினால் 936 நிமிடம். பதினைந்தரை மணித்தியாலத்துக்கு மேல். மாதத்தில் முழுதாக இரண்டு வேலை நாள், ஒருமுறை செய்த வேலையைத் திருப்பிச் செய்வதற்கு. சம்பள வேலையும் சம்பள ஏற்ற வேலையும் இதே மேசையில்தான். நேரமில்லாததால் மொத்தமாகப் பார்க்கிறார். மொத்தமாகப் பார்ப்பதால் பிழை பிந்தித் தெரிகிறது. பிந்தித் தெரிவதால் அதே பிழையோடு அடுத்த பாடசாலையும் அனுப்பிவிடுகிறது. அதனால் அவருக்கு இன்னும் நேரமில்லை. இந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒருவரைத்தான் நாம் சோம்பேறி என்றோம்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டோம். "இதைக் குறைக்க என்ன செய்யலாம் மிஸ்?" ஒரு கணமும் யோசிக்கவில்லை. "படிவத்துக்குப் பின்னால நாலு வரி அடிச்சாப் போதும் சேர். என்ன என்ன இணைக்கணும் எண்டு." இதை யாரிடமாவது சொன்னீர்களா என்றோம். "யாரும் கேக்கல்ல" என்றார்.

எட்டாவது வீண் இதுதான். பயன்படுத்தப்படாத திறமை. ஓனோவின் ஏழில் இது தனியாக இருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்ததன் நியாயம் அந்த அப்பியாசக் கொப்பியைப் பார்த்தபோதுதான் நமக்கு விளங்கியது. ஒரு வலயத்தின் கொடுப்பனவுத் தாமதத்துக்கான நோயறிதலும் மருந்தும் ஒரு லாச்சிக்குள் கிடக்கிறது, வருடக்கணக்காக. பட்டறை நடத்த வெளியிலிருந்து வளவாளரை அழைக்கிறோம்.

இனி மூன்று தரப்பாருக்குச் சில வார்த்தைகள்.

ஒன்று, சுவரில் ஐந்து எஸ் பலகை தொங்கவிட்டிருக்கும் நிர்வாகிகளுக்கு. ஐந்து எஸ்ஸை நாம் பழிக்கவில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் அதைக் கையிலெடுத்து என்ன மாற்றத்தைக் காட்டியது என்பது நாடறிந்தது. ஆனால் பல அலுவலகங்களில் நாம் கண்டது வேறு. அலுமாரிக்கு இலக்கம், கோவைக்கு நிற நாடா, ஸ்டேப்ளர் வைக்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு. மதிப்பீட்டுக் குழு வரும், படம் எடுக்கும், போகும். இவை முக்கியமாகக் குறைப்பது அசைவை. அதாவது அந்த 106 நிமிடத்துக்குள் இருக்கும் சில நிமிடங்களை. மஞ்சள் கோட்டுக்குள் அழகாக அடுக்கிய தட்டில் 18 நாள் கிடந்த படிவமும் 18 நாள் கிடந்த படிவம்தான். உற்பத்தித்திறன் என்று சொல்லிக்கொண்டு அலுமாரியை அளக்காதீர்கள். கோவை எத்தனை நாளில் வெளியே போகிறது என்று அளவுங்கள்.

இரண்டு, "இது பொதுப் பணம், நாலு கண் பார்க்கத்தான் வேணும்" என்பவர்களுக்கு. பார்க்கத்தான் வேண்டும். அரச நிதிப் பிரமாணங்களில் 135ஆவது பேசுவதே இதைத்தான். அதிகாரமளித்தல், அனுமதித்தல், சான்றுப்படுத்தல், பணம் செலுத்துதல் ஆகிய பொறுப்புகளை யார் யாருக்கு ஒப்படைப்பது என்பதை. அந்தப் பிரிவினையில் கைவைக்க நாம் சொல்லவில்லை. செலவழித்தவரே ஒப்புதல் தரக்கூடாது, ஒப்புதல் தந்தவரே பணமும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. இது ஆசிரியரின் 3,860 ரூபாயைப் பெரிதாக்குவதில்லை என்றாலும் செய்யத்தான் வேண்டும். லீன் முறையிலும் இப்படிப்பட்டதற்கு ஓர் இடமுண்டு: பயன் சேர்க்காத, ஆனால் தவிர்க்க முடியாத வேலை. அதை வெட்டக்கூடாது, சுருக்கலாம்.

நாம் கேட்பது வேறு. கோட்டத்து முத்திரை எதைச் சரிபார்க்கிறது? பயிற்சிக்குப் போனாரா என்பதை அதிபர் சொல்லிவிட்டார். கட்டணம் சரியா என்பதை வலயம் பார்க்கும். கோட்டம் அந்தப் படிவத்தை இரண்டு தடவை கையில் எடுத்தது. இரண்டு தடவையும் அழைப்புக் கடிதம் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. கையொப்பம் கூடினால் கவனம் கூடாது. "எனக்கு முன்னால இருந்தவர் பார்த்திருப்பார், பின்னால வாறவர் பார்ப்பார்" என்றுதான் ஆகும். ஒரு ஒப்பத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தெரிய ஒரு கேள்வி போதும்: கடந்த ஒரு வருடத்தில் இந்த மேசை எத்தனை படிவத்தை நிறுத்தியது, எதற்காக? பதில் பூச்சியம் என்றால் அது கட்டுப்பாடு அல்ல, தரிப்பிடம்.

மூன்று, "எல்லாத்தையும் ஒன்லைன் ஆக்கினாச் சரி" என்கிற நம் இளைய ஆசிரியர்களுக்கு. இதே ஐந்து மேசையையும் இதே மாதாந்தப் பார்வையையும் கொம்பியூட்டருக்குள் வைத்தால், தட்டில் கிடந்தது திரையில் கிடக்கும். இடம்பெயர்த்தல் போகும், அது உண்மை. வியாழன் கட்டுக்காகக் காத்திருந்த கிழமைகள் மிஞ்சும். ஆனால் 20ஆம் திகதிக்காகக் காத்திருப்பது போகாது. ஒன்லைனில் நமக்குப் பிடித்தது வேறொன்று. கடிதத்தை இணைக்காமல் அனுப்பவே விடாத ஒரு படிவம் செய்யலாம். பிழை நடக்கவே வழியில்லாமல் அமைப்பதற்கு ஷிகியோ ஷிங்கோ போக்கா-யோக்கே என்று பெயர் வைத்தார். அதைக் கடதாசியிலும் செய்யலாம். கிளார்க் மிஸ் கேட்ட நாலு வரி அதுதான்.

இந்தக் கணக்கிலுள்ள ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். நாம் தொடர்ந்தது ஒரே ஒரு படிவத்தை. நிமிடங்கள் அவரவர் சொன்ன மதிப்பீடு, கடிகாரம் வைத்து அளந்ததல்ல. வேண்டுமென்றேதான் அளக்கவில்லை. கடிகாரத்தோடு ஒருவர் பின்னால் போய் நின்றால் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், உண்மையைச் சொல்ல மாட்டார். வேறு பாடசாலைகளில் அதிபர் மேசைதான் பெரிய தரிப்பிடமாக இருக்கலாம். ஆகவே நம் முடிவை அப்படியே எடுக்காதீர்கள். உங்களுக்குத் திரும்பி வந்த படிவங்கள் பத்தை எடுத்து, பின்பக்க முத்திரைகளின் திகதிகளை வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள். எந்த இடைவெளி பெரிதாகத் திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கே போய், எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். "யார் பிழை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு லாச்சி திறக்காது.

நாம் வலயத்திடம் எழுத்தில் கேட்டிருப்பது நாலு விடயம்.

படிவத்தின் பின்பக்கம் இணைக்க வேண்டியவற்றை நாலு வரியில் அச்சிட வேண்டும். பாடசாலை அலுவலகத்தில் வாங்குபவர் அந்த நாலுக்கும் சரி அடையாளம் போட்டே வாங்க வேண்டும். பிழை ஐந்தாவது மேசையில் அல்ல, முதல் மேசையில் பிடிபடட்டும்.

படிவம் பாடசாலையிலிருந்து நேரே வலயத்துக்குப் போகட்டும். கோட்டத்துக்குத் தகவல் தேவையென்றால் மாத முடிவில் ஒரு பெயர்ப் பட்டியல் போதும்.

மாதாந்தப் பார்வை கிழமைப் பார்வையாகட்டும். மாதம் 140 என்றால் கிழமைக்கு 35. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 350 நிமிடம், ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. வியாழன் வந்ததை வெள்ளியும் திங்களுமாக முடிக்கலாம். "அதுக்கு நேரம் எங்க?" என்றால், திருப்பி அனுப்பாமல் மிஞ்சும் அந்த இரண்டு நாளில் இருக்கிறது.

நாலாவது, எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை முதல் தடவையிலேயே சரியாக இருந்தது என்ற இரண்டு இலக்கத்தை மாதா மாதம் அந்த ஐந்து எஸ் பலகைக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த இலக்கத்தை எழுதும் பேனா கிளார்க் மிஸ்ஸின் கையில் இருக்க வேண்டும். அவர்தான் அதை ஏற்கனவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இவை நடந்தால் ஒரு கோரிக்கை நாலு கிழமைக்குள் முடியும் என்பது நம் கணக்கு. பணம் அனுப்பும் நாள் மாதத்தில் இரண்டு தடவையாவது இருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. ஒரு ரூபாய் மேலதிகச் செலவில்லை, ஒரு ஆள் கூடத் தேவையில்லை.

பதில் இன்னும் வரவில்லை. நம் கடிதம் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று தெரியாது. ஆனால் அதன் பிரதி நம்மிடம் இருக்கிறது, திகதியோடு. நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டோம்.

அதுவரை ஒன்றை மட்டும் நம்மால் இன்றைக்கே செய்யலாம். ஆசிரியர் ஓய்வறையில் அடுத்த தடவை "அந்தக் கிளார்க்" என்று யாராவது தொடங்கினால், ஒரு கேள்வி கேளுங்கள். "ஒங்கட படிவத்தில அழைப்புக் கடிதம் இணைச்சீங்களா?"